புரோக்கர் கிளாட்வின் தனக்கு வீடு பார்த்தான்

ராஜபாளையத்தில் கிளாட்வின் குடிவைக்காத தெரு இல்லை. மில்லுக்கு வேலைக்கு வந்தவர், பாங்க்குக்கு மாற்றலாகி வந்தவர், மாமியாரோடு சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் கிளம்பியவர் என்று அத்தனை பேரும் அவனுடைய பழைய பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் வீடு பார்த்தார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவனுக்கு வாய் மட்டும்தான் முதல். வெளிச்சமே எட்டிப் பார்க்காத வீட்டைக் காட்டி, "வெயில் அண்டாது சார், கோடையில ஃபேன் கூட போடாண்டாம்" என்பான். பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தத்தில் சுவரே அதிரும் வீடா? "காலையில அலாரம் வைக்காண்டாம்" என்பான். சுடுகாட்டுக்கு எதிர்வீட்டுக்கு அவன் சொன்னது ஒன்றே ஒன்று: "அக்கம்பக்கத்துல சண்டை சச்சரவே கிடையாது."

அதற்காக அவன் பொய்யன் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் வராத வீட்டைத் தண்ணீர் வரும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்குள் காலை வைத்ததும் அந்த வீட்டின் மேல் அவனுக்கே ஓர் ஆசை வந்துவிடும், அவ்வளவுதான். பிறகு வாய் அவன் பேச்சைக் கேட்காது.

அப்பேர்ப்பட்டவனுக்கு முப்பத்துநாலு வயது வரை கல்யாணம் ஆகவில்லை. புரோக்கருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கேட்ட இடத்தில் எல்லாம், "மாச வருமானம் எம்புட்டு?" என்ற கேள்வியில் வந்து முட்டிக்கொண்டது. கடைசியில் கர்த்தர் கண் திறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் எலினா, அவனைப் பார்த்து, அவன் பேச்சைக் கேட்டு, வயிறு வலிக்கச் சிரித்து, "சரி" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ராஜபாளையம் வந்து சேரும்வரை அவன் பைக் ரோட்டில் ஓடியதா வானத்தில் ஓடியதா என்று அவனுக்கே தெரியாது.

சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. எலினாவுக்கு ராத்திரி ஷிப்டும் உண்டு என்பதால், குடித்தனம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் என்று முடிவாயிற்று. அவன் பைக்கில் ராஜபாளையம் போய்வந்துகொள்வான். ஊருக்கெல்லாம் வீடு பார்த்தவன் தனக்கு ஒன்று பார்க்க வேண்டும். கரும்பு தின்னக் கூலியா என்றுதான் அவனும் நினைத்தான்.

இரண்டு பேர் சேமிப்பையும் ஒன்றாக்கியதில் அறுபத்தெட்டாயிரம் தேறியது. பணம் எலினாவின் கைப்பையில் இருந்தது, கூடவே ஒரு கண்டிஷனும்.

"இதுக்கு மேல ஒத்த ரூபா கடன் வாங்கப்பிடாது. எங்கப்பா என்னைய படிக்க வைக்க வாங்குன வட்டிக் கடனை நா வேலைக்குப் போய் அடைக்கதுக்கு ஆறு வருஷம் ஆச்சு. இன்னொரு கடனோட நா வாழ்க்கைய ஆரம்பிக்க மாட்டேன். வீடு அமையலைன்னா கல்யாணம் முடிஞ்சும் நா ஹாஸ்டல்ல, நீங்க ராஜபாளையத்துல. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாத்துக்கிடுவோம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் செய்கிறவள் என்பது கிளாட்வினுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் புருஷனாக இருக்கும் தன்னை நினைத்துப் பார்த்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு என்றால் வெள்ளைத்தாய்தான். ஐம்பது வயது, ஸ்கூட்டர், இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. புரோக்கரான அவளும் கிளாட்வினும் பல வருடமாகப் போனிலேயே தொழில் செய்தவர்கள். இவன் அங்கே ஆள் அனுப்புவான், அவள் இங்கே ஆள் அனுப்புவாள், வருகிற கமிஷன் பாதிப் பாதி. அடுத்தவர் ஊரில் அந்த ஊர் ஆளை விட்டுவிட்டு நேரே வீட்டுக்காரரிடம் போவது தொழிலில் மகாபாவம்.

ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளைத்தாய் போன் போட்டாள்.

"ஏலே கிளாட்வினு, மம்சாபுரம் ரோட்டுல ஒரு மாடி வீடு. ரெண்டு ரூம்பு, புதுசு. வாடகை எட்டு, அட்வான்ஸ் அம்பது. வீட்டுக்காரரு மிலிட்டரியில இருந்து ரிட்டயர் ஆனவரு. வாரியா?"

ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எலினாவும் அவனும் கணக்குப் போட்டார்கள். அட்வான்ஸ் ஐம்பதாயிரம். முதல் மாச வாடகை எட்டாயிரம். பதினொரு மாச அக்ரிமென்டுக்குப் பத்திரம், டைப்பிங், சாமான் ஏற்றிவரக் குட்டியானை வண்டி, எல்லாம் சேர்த்து இரண்டாயிரம். ஆக அறுபது.

"அறுவது! அப்ப எட்டாயிரம் மிச்சம்!" எலினாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நாலாயிரத்துக்குக் கட்டில், நாலாயிரத்துக்கு மெத்தை. சூப்பருங்க!"

கிளாட்வின் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"கமிஷன் ஒண்ணு இருக்குல்லா. ஒரு மாச வாடகை. எட்டாயிரம்."

"உங்களுக்குமா? நீங்களே புரோக்கருதான!"

"டாக்டருக்குக் காய்ச்சல் வந்தா ஊசிக்குக் காசு கொடுக்காண்டாமா?"

"அட்வான்ஸாவது காலி பண்ணும்போது திரும்பி வரும். வாடகைன்னா இருந்துட்டுக் கொடுக்கோம். இந்த எட்டாயிரம் போனா போனதுதான?" எலினா முகத்தைச் சுளித்தாள். "சாவியப் போட்டுக் கதவைத் தொறந்து காமிக்கதுக்கு எட்டாயிரமா? நானே தொறந்துக்கிடுவேனே."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கிளாட்வின் சிரித்தான். ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. பத்து வருடமாக இந்தப் பேச்சைக் கேட்காத நாள் இல்லை. வீடு பார்க்கும்போது அண்ணே, தம்பி என்பார்கள், சாவி கைக்கு வந்ததும், நீ என்ன பெருசா கிழிச்சிட்ட என்பார்கள். மற்றவர்கள் சொன்னால் துடைத்துப் போட்டுவிடலாம். இவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்பது வலித்தது.

"அந்த வீட்டு கேட்டுல போன் நம்பரு தொங்குமுல்லா, நேரா பேசிட்டா என்ன?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அது மட்டும் ஏலாது எலினா. அந்தக்கா கண்ணுல பொறவு நா எப்படி முழிக்க? பாயில படுத்துக்கிடுவோம்."

அவள் டீயைக் குடித்தாள். கட்டில் போன துக்கம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் வெள்ளைத்தாய் முன்னால் போக, இவர்கள் பின்னால் போனார்கள். வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் வாசலிலேயே நின்றார். மீசை இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. மகனுக்கென்று கட்டிய மாடி, மகன் கோயம்புத்தூரிலேயே தங்கிவிட்டதால் நாலு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அவரும் அவர் மனைவி வெங்கடேஸ்வரியும் கூடவே ஏறி வந்தார்கள்.

வெள்ளைத்தாய் கதவைத் திறந்தாள். தங்கப்பாண்டியன் தொண்டையைச் செருமினார்.

"எட்டுன்னு சொல்லியிருந்தேன். தம்பி என்ன நினைக்கீக?"

ஏழு என்று சொல்ல வேண்டிய இடம் அது. சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எலினா கண்ணைக் காட்டினாள். கிளாட்வினும் ஏழு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அதற்குள் அவன் கை, பழக்க தோஷத்தில், மேற்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டது.

அவ்வளவுதான். மலையிலிருந்து காற்று குபீரென்று உள்ளே வந்தது. கிளாட்வினுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"சார்! இதா எட்டாயிரம்?"

தங்கப்பாண்டியன் திடுக்கிட்டார். "கூடவா தம்பி?"

"கூடவா? இந்தக் காத்து மலையடிவாரத்துச் செம்பகத்தோப்புல இருந்து நேரா வருது சார்! இடையில ஒரு செவரு கிடையாது. இந்தப் பக்கம் பாத்தா மலை, அந்தப் பக்கம் பாத்தா கோயில் கோபுரம். ராஜபாளையத்துல இந்த மாதிரி வீடு பத்தாயிரத்துக்குக் கீழ இருந்தாக் காட்டுங்க, நா தொழிலையே விட்டுடுதேன்! தரையப் பாருங்க. அடுக்களையப் பாருங்க, நின்னுக்கிட்டே ஆட்டுக்கறி நறுக்கலாம்!"

எலினா அவன் முழங்கையைக் கிள்ளினாள். அவனுக்கு உறைக்கவே இல்லை. வெள்ளைத்தாய் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அப்படிங்கீகளா?" தங்கப்பாண்டியன் மீசையைத் தடவினார். "விவரம் தெரிஞ்ச ஆளு சொல்லுதீக. அப்பப் பத்துன்னே வச்சுக்கிடுவோம். அட்வான்ஸும் எழுவதாக் கொடுத்துருங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? எலினா மனக்கணக்குப் போட்டாள். எழுபது, பத்து, கமிஷனும் பத்து, வண்டிக்கும் பத்திரத்துக்கும் இரண்டு. தொண்ணூற்றிரண்டாயிரம்! காற்று வந்த ஜன்னல் வழியாக இருபத்துநாலாயிரம் பறந்து போயிருந்தது.

"குறையச் சொல்லுங்க," என்று அவன் காதில் சீறினாள். "குறைய!"

அப்போதுதான் கிளாட்வினுக்கு நினைவு திரும்பியது. இன்றைக்கு அவன் புரோக்கர் இல்லை, குடிவருகிறவன். வேர்த்து விட்டது.

"இல்ல சார்... ஒரு குறை இருக்கு. பாத்ரூம் சின்னது." செத்த நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். தாங்க முடியவில்லை. "ஆனா சின்னதா இருந்தாக் கழுவ லேசு."

எலினா தலையில் கை வைத்தாள்.

"படி ரொம்பச் செங்குத்து சார். அது பெரிய குறைதான். ஏறி இறங்க..." வாய் துடித்தது. "ஏறி இறங்கினா சுகரு அண்டாது சார். தினம் பத்து தடவ ஏறுனா போதும், மாத்திரையே வேண்டாம்!"

அதைக் கேட்டதும் அதுவரை பேசாமல் நின்ற வெங்கடேஸ்வரி ஓரடி முன்னால் வந்தாள்.

"இந்தாங்க! உங்களுக்குச் சுகரு இருநூத்தம்பதுல்லா!"

"அதுக்கு?"

"அதுக்கா? இம்புட்டுக் காத்தையும் மலையையும் ஊரானுக்கு விட்டுட்டு நாம எதுக்குக் கீழ கிடந்து சாகணும்? கீழ ரோட்டுத் தூசி. சாயங்காலம் ஆனாக் கொசு பிச்சுப் பிடுங்குது. நாமளே மேல வந்துருவோம். வீடு வாடகைக்கு இல்ல, தம்பி."

அடப் பாவி மனுஷா! வாடகைக்கு வந்த வீட்டை வீட்டுக்காரருக்கே பேசி முடித்துவிட்டான். பத்து வருடத் தொழிலில் இப்படி ஒரு வியாபாரம் அவன் செய்ததே இல்லை.

தங்கப்பாண்டியன் ஜன்னல் ஓரமாகப் போய் நின்று, தன் வீட்டைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஆமாட்டி, நல்லாத்தான் இருக்கு," என்றார். கிளாட்வினுக்கு எலினாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண் முன்னால் ஒரு ஹாஸ்டலும் வரிசையாக ஞாயிற்றுக்கிழமைகளும் வந்து போயின.

வெள்ளைத்தாய் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். சிரிப்பைத் துடைத்து மூலையில் போட்டுவிட்டு, சாவிக்கொத்தை ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"நல்ல யோசனை மதினி. அப்பக் கீழ் வீடு?"

"பூட்டிப் போடுவோம். மகன் வந்தா இருப்பான்," என்றார் தங்கப்பாண்டியன்.

"மாடிய நாலு மாசம் பூட்டிப் போட்டீகளே அண்ணே, எட்டு நாலு முப்பத்திரண்டாயிரம். அந்தக் காசை ஆரு எடுத்துட்டுப் போனா? இனிக் கீழயும் பூட்டினா மாசம் எட்டாயிரத்தக் கிணத்துல போட்ட மாதிரிதான. தீவாளிக்கு ரெண்டு நாள் வாற மகன் மாடியில உங்க கூட இருந்தாத்தான உங்களுக்கும் சந்தோசம்?"

தங்கப்பாண்டியன் யோசித்தார். "அதுவும் சரிதான். ஆனா கீழ் வீடு பெருசு. பதினொண்ணு."

"பதினொண்ணா!" வெள்ளைத்தாய் கன்னத்தில் கை வைத்தாள். "ரோட்டுத் தூசிக்கா அண்ணே? இல்ல, பிச்சுப் பிடுங்குத கொசுவுக்கா? நா சொல்லலப்பா. மதினி இப்பத்தான் சொன்னாக."

வெங்கடேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எலினாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"எட்டுக்குத் தாங்க அண்ணே. அட்வான்ஸ் முன்ன சொன்ன அம்பதே இருக்கட்டும். கொழந்தைக இப்பத்தான் வாழ ஆரம்பிக்காக. பொண்ணு நர்ஸு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு உங்களுக்குச் சுகரு ஏறுனா ஆஸ்பத்திரி கீழயே இருக்கு. பதினோராயிரம் தாற வேற ஆளு ஊசி போடுவானா?"

அந்தப் பேச்சில் தங்கப்பாண்டியன் விழுந்துவிட்டார். எல்லோரும் கீழ் வீட்டைப் பார்க்க இறங்கினார்கள். உள்ளே ஒரு கூடம், இரண்டு அறை, பின்கட்டில் துணி துவைக்கும் கல், கல்லுக்கு நிழலாக ஒரு முருங்கை. கிளாட்வின் முருங்கையைப் பார்த்தான். மூச்சை இழுத்தான். நெஞ்சு விரிந்தது. உதடு பிரிந்தது.

எலினா பாய்ந்து தன் உள்ளங்கையால் அவன் வாயை இறுக்கப் பொத்திவிட்டாள்.

"வாயத் தொறந்தீகன்னாக் கல்யாணமே கிடையாது!"

வீட்டுக்காரர், வீட்டுக்காரி, வெள்ளைத்தாய் மூன்று பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிளாட்வின் கண்ணை மட்டும் உருட்டினான். அவள் கை டெட்டால் வாசனை அடித்தது. அதை அப்படியே ஆயுசுக்கும் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது. வீட்டுக்காரர் மனசு மாறுவதற்குள், எலினா இன்னொரு கையால் கைப்பையைத் திறந்து ஐயாயிரம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸை நீட்டினாள். கிளாட்வினின் வாயை விடுவித்தது அதற்குப் பிறகுதான்.

திரும்பி வரும் வழியில் அவள் பைக்கை நிறுத்தச் சொன்னாள். திட்டத்தான் போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்தான். அவளோ ரோட்டோர மைல்கல்லில் உட்கார்ந்து, "சின்னதா இருந்தாக் கழுவ லேசு," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. பிறகு துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"வாடகை பதினொண்ணுன்னு முடிஞ்சிருந்தா அந்தக்காவுக்குக் கமிஷன் பதினொண்ணுல்லா?"

"ஆமா."

"எட்டுன்னு அவியளே பேசிக் குறைச்சா அவியளுக்குத்தான மூவாயிரம் நட்டம்?"

"ஆமா."

"அப்ப ஏன் குறைச்சாக?"

"நம்மகிட்ட இருக்கது எம்புட்டுன்னு அவியளுக்குத் தெரியும். தாங்குத வீட்டுலதான் குடி வைக்கணும் எலினா. தாங்காத வீட்டுல வச்சா ஆறு மாசத்துல காலி பண்ணிருவாக. பொறவு வீட்டுக்காரரும் திட்டுவாரு, குடியிருந்தவுகளும் திட்டுவாக."

எலினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கியிருந்தது. அவன் ஒருநாளும் தன் தொழிலைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. வீடுகளைப் பற்றித்தான் பேசுவான்.

வீட்டுக்காரர்கள் மாடிக்கு ஏறி, கீழ் வீட்டுக்கு வெள்ளையடித்து, கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் சாவி கொடுத்தார்கள். அக்ரிமென்டில் இரண்டு பக்கமும் கையெழுத்தாயிற்று. டோக்கன் போக மீதி நாற்பத்தைந்தாயிரத்தையும் முதல் மாச வாடகை எட்டாயிரத்தையும் தங்கப்பாண்டியன் எண்ணி வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்காமல் படியேறிப் போனார். பாஸ்டர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போயிருந்தார். காய்ச்சிய பால் அடுப்பில் இருந்தது. குட்டியானையில் வந்த சாமான், கூடத்தின் ஒரு மூலைக்குள் அடங்கிவிட்டது.

எலினா எட்டாயிரம் ரூபாயை எடுத்து வெள்ளைத்தாயிடம் நீட்டினாள். வெள்ளைத்தாய் அதில் நாலாயிரத்தை மட்டும் உருவிக்கொண்டு மீதியைத் திருப்பினாள்.

"தொழில்காரன் வீட்டுல பாதிதான் தாயி வாங்குவோம். அது வழக்கம். இதுக்கு ஒரு கட்டிலு வாங்கிப் போடுங்க."

அப்படி ஒரு வழக்கத்தைக் கிளாட்வின் கேள்விப்பட்டதே இல்லை. எலினாவைப் பார்த்தான். கட்டில்! நினைத்ததும் அவனுக்குக் காது சிவந்தது. இரண்டு வாரமாக ஒரு கடையின் வாசலில் நின்று அவள் ஓர் இரும்புக் கட்டிலைப் பார்த்துவிட்டு வருவது அவனுக்குத் தெரியும்.

எலினா அந்த நாலாயிரத்தையும் வெள்ளைத்தாயின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"முழுசா வாங்கிக்கோங்கக்கா. சாவியப் போட்டுத் தொறந்து காமிக்கதுக்கு எட்டாயிரமான்னு இவுககிட்டக் கேட்டேன். அன்னைக்கு நீங்க இல்லன்னா எங்களுக்கு வீடே இல்ல. இனி இவுககிட்ட ஆராவது கமிஷனக் குறைச்சுக் கேட்டா எங்கிட்ட அனுப்பச் சொல்லுங்க, நா பேசிக்கிடுதேன்."

ஊரே சேர்ந்து சொன்னபோது துடைத்துப் போட்டவனுக்கு, அந்த ஒற்றைப் பேச்சைத் தாங்க முடியவில்லை. பாலைப் பார்க்கிறவன்போல அடுக்களைக்குள் போய், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பத்து வருடமாக வாங்கிய கமிஷன் அத்தனையும் இன்றைக்குத்தான் கைக்கு வந்ததுபோல இருந்தது.

"அப்பக் கட்டிலு?" என்றாள் வெள்ளைத்தாய், பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டே.

"அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்க்கா. பாய் இருக்கு."

"பாயா! ஏலே கிளாட்வினு, புதுப்பொண்ணைப் பாயிலயா படுக்க வைக்கப் போற?"

கிளாட்வின் அடுக்களையிலிருந்து வெளியே வந்தான். மூலையில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாயைப் பார்த்தான். பாவம், அவன் என்ன செய்வான்? மூச்சு தானாக உள்ளே போனது, நெஞ்சு விரிந்தது. பிறகு நினைவு வந்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு, எலினாவின் கையைப் பார்த்தான்.

எலினா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இங்க வாடகை ஏத்த ஆளில்ல. சொல்லுங்க, கேப்போம்."